பாராட்டை வாங்கிக்கொள்வோம், பங்கையும் பிரித்துக் கொடுப்போம்

(குடும்பச் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நம் வில்லியனூரிலும் பாகூரிலும் இன்று வேலைக்குப் போகாத வீடு குறைவு. சேதராப்பட்டு பக்கம் கம்பெனிக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள். தையல் யூனிட், மருத்துவமனை, பள்ளிக்கூடம், கடை என்று போகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களோடு பேசும்போது ஒரு விஷயத்தை நாங்கள் திரும்பத் திரும்பக் கேட்கிறோம். வேலையிடத்தில் ஒருவர் "நல்லா செஞ்சிருக்கீங்க" என்று சொன்னால் நம் பிள்ளைகளுக்கு என்ன பதில் சொல்வது என்று தெரியவில்லை. "ஐயோ, நான் ஒண்ணும் செய்யல சார்" என்று தலையைக் குனிந்துகொள்கிறார்கள்.

அதற்குக் காரணம் நமக்குப் புரிகிறது. பெருமை கூடாது, முகஸ்துதிக்காக எதையும் செய்யக் கூடாது என்று சின்ன வயதிலிருந்தே சொல்லி வளர்த்திருக்கிறோம். அது சரியான வளர்ப்புதான். ஆனால் பெருமையடிப்பது வேறு, நடந்ததை நடந்தபடி ஒப்புக்கொள்வது வேறு. இந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள கோடு எங்கே இருக்கிறது என்பதைத்தான் இன்று பேசப் போகிறோம். அதற்கு நம் எல்லோருக்கும் தெரிந்த ஒருவரின் வாழ்க்கையிலிருந்தே தொடங்குகிறோம்.

ராமேஸ்வரத்தில் பிறந்த டாக்டர் அப்துல் கலாம் அவர்கள், இந்தியாவின் முதல் செயற்கைக்கோள் ஏவு வாகனமான எஸ்.எல்.வி-3 திட்டத்தின் இயக்குநராக இருந்தார். ஏறக்குறைய 22 மீட்டர் உயரம், 17 டன் எடை, நான்கு அடுக்குகள் கொண்ட ராக்கெட் அது. 1979 ஆகஸ்ட் 10 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து அதை முதல் முறையாக ஏவினார்கள். ஏவுவதற்குச் சில நிமிடங்கள் முன்னால், நிறுத்து என்று கணினி எச்சரித்தது. கட்டுப்பாட்டு அமைப்பில் ஒரு கசிவு. உடன் இருந்த நிபுணர்கள், கையிருப்பு போதும், ஏவலாம் என்றார்கள். கலாம் அவர்கள் ஏவ முடிவு செய்தார். முதல் அடுக்கு சரியாக வேலை செய்தது. இரண்டாம் அடுக்கில் கட்டுப்பாடு போய்விட்டது. ராக்கெட் வங்காள விரிகுடாவில் விழுந்தது.

அன்று பத்திரிகையாளர்கள் முன் யார் போய் நிற்பது? திட்டத்தின் தலைவர் கலாம் அவர்கள்தான் நிற்க வேண்டும். ஆனால் அவரை நிற்க விடாமல், இஸ்ரோ தலைவர் பேராசிரியர் சதீஷ் தவான் தாமே போனார். தோல்வியைத் தம் மேல் ஏற்றுக்கொண்டார். தம் குழுவின் மேல் நம்பிக்கை இருக்கிறது, அடுத்த ஆண்டுக்குள் அவர்கள் வெற்றி பெறுவார்கள் என்று சொன்னார். பின்னர் நடந்த ஆய்வுக் கூட்டத்தில் கலாம் அவர்கள் எழுந்து, கசிவைச் சின்ன விஷயமாக நினைத்தது தம் தவறு, பொறுப்பு தம்முடையது என்றார். நிபுணர்கள் சொன்னதைக் கேட்டுத்தான் செய்தேன் என்று அவர்கள் பக்கம் தள்ளவில்லை.

ஒரு வருடம் கழித்து, 1980 ஜூலை 18 அன்று, அதே எஸ்.எல்.வி-3 மறுபடியும் பறந்தது. 35 கிலோ எடையுள்ள ரோகிணி செயற்கைக்கோள் சுற்றுப்பாதையில் நின்றது. அன்றும் பத்திரிகையாளர்கள் காத்திருந்தார்கள். தவான் அவர்கள் கலாம் அவர்களைக் கூப்பிட்டு, இன்று நீங்கள் போய்ப் பேசுங்கள் என்று அனுப்பிவிட்டார். இந்த நிகழ்ச்சியைக் கலாம் அவர்கள் பிற்காலத்தில் பல மேடைகளில் சொல்லியிருக்கிறார்.

இதைத் தலைவருக்கான பாடமாகத்தான் எல்லோரும் சொல்வார்கள். அதே நிகழ்ச்சியில் இன்னொரு பக்கமும் உண்டு. தவான் அவர்கள் போகச் சொன்னபோது கலாம் அவர்கள் போனார். "நான் ஒன்றும் செய்யவில்லை, நீங்களே போங்கள்" என்று மறுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? தலைவர் கொடுத்த மரியாதை பாதியில் நின்றிருக்கும். குழுவின் வேலையை உள்ளிருந்து விளக்கும் ஆளும் அங்கே இருந்திருக்க மாட்டார். தவறு நடந்த வருடம் தம் பங்கை ஒப்புக்கொண்டவர், வெற்றி வந்த வருடமும் தம் பங்கை ஒப்புக்கொண்டார். இரண்டும் ஒரே நேர்மைதான்.

அதே சமயம் அந்த ராக்கெட் ஒரு மனிதர் செய்தது இல்லை. தொடக்கத்தில் நான்காம் அடுக்கை வடிவமைக்கும் பொறுப்பு கலாம் அவர்களுக்கு வந்தது. மற்ற அடுக்குகளின் பொறுப்பு கோவாரிக்கர், குருப், முத்துநாயகம் ஆகியோருக்குப் போனது. தம் நூலில் இதைக் கலாம் அவர்கள் பெயரோடும் வேலையோடும் பதிவு செய்திருக்கிறார். இருந்தும் 1981-இல் அவருக்குப் பத்மபூஷண் விருது வந்தபோது, தம் கூடவே இருந்தவர்களில் சிலர், இவரை மட்டும் தனியாக உயர்த்துகிறார்கள் என்று மனம் வருந்தியதையும் அவரே எழுதியிருக்கிறார். ஆகவே பங்கைச் சரியாகப் பிரித்தால் எல்லோருக்கும் மனம் நிறைந்துவிடும் என்று நாங்கள் சொல்ல வரவில்லை. பிரிக்க வேண்டியது நம் கடமை, அவ்வளவுதான்.

இப்போது நம் ஊருக்கு வருவோம். ஒரு தையல் யூனிட் என்று வைத்துக்கொள்வோம். மெல்லிய துணியில் சட்டை தைக்கிறார்கள். காலர் தையலில் சுருக்கம் விழுந்து, நூறு பீஸுக்குப் பதினைந்து பீஸ் திரும்பி வருகிறது. நம் தங்கை ஒருத்தி கவனிக்கிறாள். மெஷினில் இருப்பது 16-ஆம் நம்பர் ஊசி. இந்தத் துணிக்கு அது தடிப்பு, 11-ஆம் நம்பர் போட்டால் சரியாகும் என்று சொல்கிறாள். மெக்கானிக் அண்ணன் ஊசியை மாற்றி, நூல் இழுவையையும் தளர்த்திக் கொடுக்கிறார். செக்கிங்கில் இருக்கும் அக்கா இரண்டு நாள் எண்ணிப் பார்த்து, இப்போது நூற்றுக்கு இரண்டுதான் என்று சொல்கிறார். சூப்பர்வைசர் வந்து, "நல்ல வேலைம்மா" என்கிறார்.

தங்கை, "நான் ஒண்ணும் செய்யல சார்" என்றால் மூன்று விஷயம் நடக்கிறது. முதலில், மனதாரப் பாராட்டியவரிடம், நீங்கள் நினைப்பது தப்பு என்று சொன்னதாக ஆகிறது. அடுத்த முறை அவர் வாய் திறக்கத் தயங்குவார். இரண்டாவதாக, எதனால் சரியானது என்பதே அங்கே பதிவாகவில்லை. அடுத்த மாதம் வேறு லைனில் அதே சுருக்கம் வந்தால், ஊசியைப் பார் என்று சொல்ல ஆள் இருக்காது. மூன்றாவதாக, லைன் லீடர் ஆக யாரைப் போடலாம் என்று பேச்சு வரும்போது அவள் பெயர் யார் நினைவுக்கும் வராது. அப்போது அவள் வீட்டில் வந்து அழுவாள். கேட்கும் நாமும், உன்னை யாருக்கும் மதிக்கத் தெரியவில்லை என்போம்.

அவள் இப்படிச் சொல்லியிருக்கலாம்: "அல்ஹம்துலில்லாஹ், ரொம்ப நன்றி சார். ஊசி தடிப்பா இருக்குன்னு நான் பார்த்தேன். மெக்கானிக் அண்ணன்தான் டென்ஷனைச் சரி பண்ணினார். செக்கிங் அக்கா எண்ணிப் பார்த்ததாலதான் உறுதியாச்சு." இதில் பெருமை எங்கே இருக்கிறது? இறைவனுக்கு நன்றி இருக்கிறது, பாராட்டியவருக்கு நன்றி இருக்கிறது, தான் செய்தது ஒரே வரியில் இருக்கிறது, மற்ற இருவர் செய்தது அவரவர் வேலையோடு இருக்கிறது. மனிதர்களுக்கு நன்றி சொல்வதை இறைவனுக்கு நன்றி சொல்வதோடு சேர்த்தே நமக்குக் கற்றுத் தந்தார்கள் நபி (ஸல்) அவர்கள் என்பதையும் நினைவில் வைப்போம்.

பங்கு பிரிப்பதில் நாம் செய்யும் ஒரு தவறையும் சொல்ல வேண்டும். "எல்லாரும் சேர்ந்துதான் செஞ்சோம்" என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். கேட்க நன்றாக இருக்கும். ஆனால் இரண்டு நாள் உட்கார்ந்து எண்ணிய அக்காவுக்கும், அந்தப் பக்கமே வராத ஒருவருக்கும் அதில் ஒரே பங்குதான் கிடைக்கிறது. ஆளையும் அவர் செய்த வேலையையும் சேர்த்துச் சொன்னால்தான் அது பங்கு. அதையும் பாராட்டியவர் காதிலேயே சொல்ல வேண்டும். பிறகு கேன்டீனில் அக்காவிடம் தனியாக, "உங்களாலதான் அக்கா" என்று சொல்வது அன்புதான், ஆனால் அதனால் அக்காவுக்கு வேலையில் ஒரு பலனும் இல்லை. வாட்ஸ்அப் குழுவில் பாராட்டு வந்தால், அதே குழுவில் அவர்கள் பெயரையும் போட்டுப் பதில் எழுதுங்கள்.

அடுத்தவர் செய்த வேலைக்கு நமக்குப் பாராட்டு வந்தால் என்ன செய்வது? அப்போதே, அந்த இடத்திலேயே, "அது நான் இல்ல சார், அவங்க செஞ்சது" என்று திருத்திவிட வேண்டும். ஒரு நாள் விட்டால் சொல்வது கஷ்டமாகும், ஒரு வாரம் விட்டால் சொல்லவே மாட்டோம். பேசாமல் இருந்து வாங்கிக்கொண்டதும் அடுத்தவர் உரிமையை எடுத்ததுதான்.

நாம் செய்ததை வேறொருவர் தன் பெயரில் சொன்னால்? சண்டை வேண்டாம், மௌனமும் வேண்டாம். முதலில் அவரிடமே தனியாகக் கேளுங்கள். மறந்திருக்கலாம். மறுபடியும் நடந்தால், செய்யும்போதே தேதியோடு சூப்பர்வைசருக்கு ஒரு வரி தகவல் அனுப்பி வையுங்கள்: "இன்று ஊசி மாற்றினோம், நாளை எண்ணிக்கை சொல்கிறேன்." பிறகு யாரும் வாதாட வேண்டியதில்லை.

இரண்டு எல்லைகளையும் சொல்லி முடிக்கிறோம். பாராட்டு கூலிக்கு ஈடாகாது. "நீதாம்மா நல்லா செய்வே" என்று சொல்லியே சம்பளமில்லாமல் கூடுதல் நேரம் வாங்கினால், பாராட்டுக்கு நன்றி சொல்லிவிட்டு, கூடுதல் நேரத்துக்கான கூலியைக் கேட்கலாம். அடுத்தது, நாம் பேசியதெல்லாம் வேலையைப் பற்றிய பாராட்டுக்கு மட்டும்தான். உடையை, அழகைப் பற்றி யாராவது பேசினால் அதற்கு நன்றி சொல்லும் கடமை நம் பெண் பிள்ளைகளுக்கு இல்லை. பிடிக்கவில்லை என்று சொல்லலாம், வீட்டிலும் சொல்லலாம்.

பெற்றோர்களிடம் ஒரு வேண்டுகோள். இதை முதலில் வீட்டில் பழக்குங்கள். பெருநாள் அன்று பிரியாணி நன்றாக இருக்கிறது என்று விருந்தினர் சொல்லும்போது, "நான் தாளிச்சேன், இறைச்சியைச் சுத்தம் பண்ணிக் கொடுத்தது சின்ன மருமகள்" என்று மாமியார் ஒரு வரி சொன்னால் போதும். கேட்டுக்கொண்டிருக்கும் பிள்ளை நாளை வேலையிடத்திலும் அப்படியே சொல்லும்.