மாத்திரைக்குப் பின் ஏறிய கணக்கு



இரத்தக் கொதிப்புக்காக எனலாப்ரில், ராமிப்ரில் போன்ற மாத்திரைகளைத் தொடங்குகிறவர்களிடம், இரண்டு வாரத்திற்குள் இரத்தத்தைச் சோதித்து வாருங்கள் என்று டாக்டர்கள் சொல்வதுண்டு. அப்படி என்னிடம் வந்த ஒரு சோதனைச் சீட்டைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

அந்தச் சீட்டிற்குரியவர் அறுபத்தாறு வயதுப் பெரியவர். நாற்பது ஆண்டுகளாகப் பீடி குடித்தவர். சிறிது தூரம் நடந்தாலே கெண்டைக்கால் வலிக்கும், நின்றால் விட்டுவிடும். மூன்று மருந்துகளுக்கும் அவருடைய கொதிப்பு அடங்கவில்லை. ஆகவே நான்தான் எனலாப்ரிலைச் சேர்த்தேன். அதற்கு முன் அவருடைய கிரியாட்டினின் 1.2. சிறுநீரகம் கழித்து வெளியேற்ற வேண்டிய கழிவுப்பொருள் அது. ஏறினால் வடிகட்டுதல் குறைந்தது என்று பொருள். பத்தாம் நாள் அது 2.1 ஆக இருந்தது. பொட்டாசியமும் 5.6க்கு உயர்ந்திருந்தது.

மாத்திரை சிறுநீரகத்தைக் கெடுத்துவிட்டது என்று அவர் மகன் என் மீது வருத்தப்பட்டார். நடந்தது அதுவன்று. அதை விளக்க ஒரு குளத்தை நினைத்துக்கொள்ளுங்கள். குளத்திற்கு நீர் கொண்டுவரும் வாய்க்கால் ஒன்று. நீர் வெளியேறும் மதகு ஒன்று. குளத்தில் நீர் மட்டம் உயர்ந்து நின்றால்தான் கரை வழியே நீர் கசியும். சிறுநீரகத்தின் நுண்ணிய வடிகட்டிகளும் இத்தகையவையே. வாய்க்காலில் வரத்துக் குறைந்தால், ஆஞ்சியோடென்சின் என்னும் பொருள் மதகை இறுக்கி, மட்டத்தைக் காக்கிறது. எனலாப்ரில் அந்தப் பொருளை உண்டாகாமல் தடுப்பதால் மதகு தளர்கிறது.

வாய்க்கால் நன்றாயிருப்பவருக்கும் இதனால் மட்டம் சற்று இறங்கும். கிரியாட்டினின் சிறிது ஏறும். பழைய அளவில் நூற்றுக்கு முப்பது பங்கு வரை ஏறி, அதற்குமேல் ஏறாமல் நிலைத்துவிட்டால், பொட்டாசியமும் அளவோடிருந்தால், மாத்திரையைத் தொடரலாம். நீரிழிவுள்ள ஓர் ஆசிரியைக்கு 1.0 என்பது 1.2 ஆயிற்று, அவர் தாமாகவே மாத்திரையை நிறுத்திவிட்டார். அழுத்தம் குறைந்ததற்கு அறிகுறியான அச்சிறு ஏற்றமே அவருடைய சிறுநீரகத்திற்கு நெடுநாளைய பாதுகாப்பு என்பதை எடுத்துச் சொல்லி, மீண்டும் உண்ணச் செய்ய எனக்கு அரைமணி நேரமாயிற்று.

பெரியவருக்கோ ஏற்றம் நூற்றுக்கு எழுபத்தைந்து. இங்கே முதலில் கேட்க வேண்டியவை மிக எளியவை. வயிற்றுப்போக்கோ வாந்தியோ உண்டா? சிறுநீரைப் பெருக்கும் மாத்திரை மிகுந்துவிட்டதா? மூட்டு வலிக்குக் கடையில் மாத்திரை வாங்கி உண்கிறீர்களா? உடலில் நீர் வற்றினாலும், வலி மாத்திரையாலும் இதே ஏற்றம் வரக்கூடும். பெரும்பாலும் காரணம் அங்கேதான் அகப்படும். இவரிடம் அவை ஒன்றும் இல்லை. அப்போதுதான் அவர் மனைவி ஒன்றைச் சொன்னார்: ஓராண்டிற்குள் இருமுறை, நள்ளிரவில் திடீரென்று மூச்சு முட்டி, நுரையீரலில் நீர் கோத்து, அவரை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்களாம். இதயத்தின் வலிவு குறையவில்லை என்றும் அங்கே சொன்னார்களாம். அதைக் கேட்டதும் எனக்கு ஐயம் தெளிந்தது. மருந்து தொடங்கும் முன்பே நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது.

எனலாப்ரிலை நிறுத்தினேன். எட்டாம் நாள் கிரியாட்டினின் 1.3க்கு இறங்கியது. கெட்டுப்போன சிறுநீரகம் இத்தனை விரைவில் மீளாது. அழுத்தம் மட்டுமே குறைந்திருந்தது என்பதற்கு இதுவே சான்று. டாப்ளர் ஸ்கேனில் வலது சிறுநீரகம் எட்டரை சென்டிமீட்டராகச் சுருங்கியிருந்தது, இடது பத்தரை. இருபுறத் தமனிகளும் தொடக்கத்திலேயே கொழுப்புப் படிந்து குறுகியிருந்தன.

இரண்டும் என்பதைக் கவனிக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் குறுகியிருந்தால் மறு சிறுநீரகம் ஈடுசெய்துவிடும். சீட்டில் ஒன்றும் தெரியாமலே போகலாம். இரண்டும் குறுகியபோதோ, இருக்கின்ற ஒரே சிறுநீரகத்தின் தமனி குறுகியபோதோதான் இந்த ஏற்றம் துலக்கமாகத் தெரியும். இவ்வகை மருந்துகளில் முதலாவதான காப்டோப்ரிலைப் பற்றி 1983ஆம் ஆண்டிலேயே அமெரிக்க மருத்துவர்கள் இதை எழுதினார்கள். நம் நாட்டு இளம்பெண்களிடம் கொழுப்பன்றி, தகயாசு என்னும் தமனி அழற்சியாலும் இக்குறுக்கம் உண்டாகிறது.

குறுகிய தமனியையெல்லாம் உடனே விரித்துவிடலாமே எனத் தோன்றும். 2009இல் வெளியான ஆஸ்ட்ரல் ஆய்வும், 2014இல் வெளியான கோரல் ஆய்வும், கொழுப்பால் குறுகியவர்களில் பெரும்பாலோருக்கு ஸ்டென்ட் வைப்பதால் மருந்தினும் கூடுதல் நன்மையில்லை என்று காட்டின. ஆயினும் நுரையீரலில் அடிக்கடி நீர் கோப்பவர்களின் நிலை வேறு. ஆகவே இவருக்கு இடது தமனியில் ஸ்டென்ட் வைக்கப்பட்டது. மூன்று மாதத்தில் ஒரு மருந்து குறைந்தது. இரவு மூச்சுமுட்டல் திரும்பவில்லை. பிறகு எனலாப்ரிலை இரண்டரை மில்லிகிராம் மட்டும் கொடுத்துப் பார்த்தேன். அவர் மகன் பத்து நாளும் கவலையோடிருந்தார். வந்த சீட்டில் கிரியாட்டினின் 1.4 என்றிருந்தது.