வாட்ஸ்அப் உரையாடலை ஒரே கோப்பாக்கும்போது
சம்பள பாக்கி கேட்டுத் தொழிலாளர் இலாகாவுக்குப் போகும் ஒருவரிடம், முதலாளியுடன் பேசிய வாட்ஸ்அப் உரையாடல் 30 ஸ்கிரீன்ஷாட்டுகளாக இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அவற்றை ஒரே பிடிஎஃப் ஆக்கும்போது, ஒரு படத்தின் கடைசிச் செய்தியே அடுத்த படத்தின் முதல் செய்தியாகவும் வரவேண்டும். இல்லையேல், “நடுவில் நான் எழுதியதை மறைத்துவிட்டார்” என்பார் முதலாளி.

‘பாஸ்’ என்ற பெயர் மட்டும் போதாது. அவரது எண் தெரியும் பக்கத்தை முதலில் வையுங்கள். செய்திகள் அழிக்கப்படலாம், ஆகவே இன்றே படமெடுங்கள். அதில் தேதிக்குப் பதில் ‘Today’ என்றிருக்கும். ஒரு வாரம் கழித்து மீண்டும் எடுத்தால் தேதி தெரியும்.

பிடிஎஃப் படிப்பதற்கான வசதி மட்டுமே. எதிர்த்தரப்பு மறுத்தால் கைப்பேசியிலுள்ள மூல உரையாடலைத்தான் காட்டவேண்டும். அதை அழித்துவிடாதீர்கள்.