பாலு மகேந்திரா திறந்த கதவு

தென்மாவட்டங்களிலிருந்து சென்னைக்குப் போகும் பேருந்துகள் விழுப்புரம் தாண்டி, மயிலத்துக்குப் பிரிகிற கூட்டேரிப்பட்டைக் கடந்து, திண்டிவனம் வழியாகப் போகின்றன. உதவி இயக்குநராகச் சேர வேண்டும் என்ற ஒரே எண்ணத்தோடு எத்தனையோ இளைஞர்கள் அந்தப் பேருந்துகளில் நம் ஊர்களைத் தாண்டிப் போயிருக்கிறார்கள். கோடம்பாக்கத்தில் இறங்கியதும் அவர்களுக்கு முதலில் வேண்டியிருந்தது, தங்களுக்காகப் பேச ஒரு ஆள். "இந்தப் பையனைக் கொஞ்சம் பாருங்க" என்று யாராவது சொல்ல வேண்டும். அப்படி அழைத்து வரப்பட்ட ஒருவரைத் தன்னோடு வைத்துக்கொண்ட ஓர் ஒளிப்பதிவாளரைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன். அவரே கடல் கடந்து வந்தவர்.

பாலு மகேந்திரா 1939இல் இலங்கையில், மட்டக்களப்பை அடுத்த அமிர்தகழியில் பிறந்தார். பள்ளி நாளில் ஒரு சுற்றுலாவின்போது, டேவிட் லீன் என்ற ஆங்கில இயக்குநர் 'தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் குவாய்' படத்தை அங்கே எடுத்துக்கொண்டிருப்பதைப் பார்த்தார். "மழை!" என்று அந்த மனிதர் குரல் கொடுத்தார், மழை பெய்தது. சினிமா ஆசை அங்கே பிடித்துக்கொண்டது என்று பின்னாளில் சொல்லியிருக்கிறார். கொழும்பில் அரசுப் பணியில் வரைபடம் வரைந்தார், இலக்கியப் பத்திரிகை நடத்தினார், இலங்கை வானொலி நாடகங்களில் நடித்தார். பிறகு புனே திரைப்படக் கல்லூரிக்கு வந்தார். அவருக்கு இடம் கிடைத்தது ஒளிப்பதிவில்தான்.

வெளிநாட்டிலிருந்து வந்த இளைஞருக்கு இங்கே சொந்தமும் கிடையாது, சிபாரிசும் கிடையாது. படிப்பு முடிக்கும்போது அவர் எடுத்த குறும்படத்தைப் பார்த்த மலையாள இயக்குநர் ராமு காரியத், 'செம்மீன்' எடுத்த அதே ராமு காரியத், தன் 'நெல்லு' படத்தின் கேமராவை அவரிடம் கொடுத்தார். 1974இல் வந்த அந்தப் படம் அவருக்குக் கேரள அரசின் விருதைப் பெற்றுத்தந்தது. தமிழில் கமல்ஹாசன் அவரை இயக்குநர் மகேந்திரனிடம் அழைத்துப் போனார். அப்படி வந்ததுதான் 1978இன் 'முள்ளும் மலரும்'. கமல் அதில் நடிக்கவில்லை என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தக் கேமராவில் அப்படி என்ன இருந்தது? அந்தக் காலத்து அரங்குகளில் மேலே பரண் கட்டி, வரிசையாக விளக்குகளைத் தொங்கவிடுவார்கள். ஒரு நடிகருக்குச் சுவரில் இரண்டு மூன்று நிழல் விழும். நடுராத்திரிக் காட்சியிலும் எல்லா முகமும் பளிச்சென்று தெரியும். பாலு மகேந்திரா ஓர் அறைக்குள் நுழைந்தால், இங்கே வெளிச்சம் எந்த ஜன்னல் வழியாக வருகிறது என்று பார்ப்பார். அந்தத் திசையைக் கெடுக்காமல்தான் படம் எடுப்பார். முகத்தின் ஒரு பாதி இருட்டில் கிடந்தால் கிடக்கட்டும்.

சொல்ல எளிது, செய்யக் கடினம். ஒளிமானியை முகத்துக்குப் பக்கத்தில் பிடித்து ஜன்னல் பக்கம் ஓர் அளவு, நிழல் பக்கம் ஓர் அளவு எடுக்க வேண்டும். ஒவ்வொரு 'ஸ்டாப்' வித்தியாசமும் ஒளியை இரட்டிப்பாக்கும். மூன்று ஸ்டாப் என்றால் எட்டு மடங்கு. அந்த அளவுவரை நிழலுக்குள் இருக்கும் கண்ணையும் கன்னத்தையும் பிலிம் சுருள் ஓரளவு காப்பாற்றித் தரும். அதற்கும் கீழே போனால் அந்தப் பாதி முகம் கறுப்பாகிப் போய்விடும். சரி, கொஞ்சம் வெளுப்பாகவே பிரிண்ட் போடலாம் என்று லேபில் நினைத்தால், கறுப்பு இருக்க வேண்டிய இடமெல்லாம் சாம்பலாகி மணல் தூவியது போலப் பொரிந்து நிற்கும். விளக்கு மங்கிய புரொஜெக்டரில் ஓட்டினால் நிழலில் மிஞ்சியிருப்பதும் தெரியாது. அத்தனையும் தெரிந்துதான் அவர் துணிந்தார். 1982இல் அவரே இயக்கிய 'மூன்றாம் பிறை'யில் கமலுக்கும் தேசிய விருது, ஒளிப்பதிவுக்காக அவருக்கும் தேசிய விருது. மகேந்திரனிடம் அவரை அழைத்துப் போனவருக்கு இது நல்ல பதில் மரியாதை என்று நினைக்கிறேன். ஆனால் நான் சொல்ல வந்த கதை இதைவிட நீளமானது.

பழைய தென்னாற்காடு மாவட்டத்துக்காரரான கவிஞர் அறிவுமதி, ஒருநாள் ஓர் இளைஞரை பாலு மகேந்திராவிடம் அழைத்து வந்தார். மதுரை அமெரிக்கன் கல்லூரியில் படித்த, முரட்டுத்தனத்துக்குப் பேர்போன பாலா. அந்தப் பையனை அவர் ஏற்றுக்கொண்டார். தன் படங்களுக்குக் கதை, வசனம், இயக்கம், கேமரா, படத்தொகுப்பு என்று எல்லாவற்றையும் தானே செய்கிறவர் அவர். அதனால் அவருடைய உதவியாளருக்கு ஒரு படம் எழுத்திலிருந்து கத்தரிப்பு மேசைவரை ஒரே கையில் உருவாவதைப் பார்க்கும் வாய்ப்பு கிடைத்தது. வேறெங்கும் அப்படிக் கிடைத்திருக்காது. பாலா வருடக்கணக்கில் அங்கே இருந்தார்.

பாலாவின் முதல் படம் 'சேது'. முடிந்த பிறகும் வாங்க ஆளில்லாமல் பெட்டிக்குள் கிடந்து, 1999 டிசம்பரில்தான் திரைக்கு வந்தது. பிறகு ஓடியதும் தேசிய விருது வாங்கியதும் உங்களுக்குத் தெரியும். அந்தப் படத்தில் பாலாவிடம் உதவியாளர்களாக வேலை பார்த்தவர்களில் இரண்டு மதுரைக்காரர்களை மட்டும் சொல்கிறேன். ஒருவர் அமீர், இன்னொருவர் சசிகுமார். அமீர் இயக்குநரானபோது சசிகுமார் அவரிடமும் வேலை பார்த்தார். 2008இல் 'சுப்ரமணியபுரம்' படத்தைச் சசிகுமார் தானே தயாரித்து, இயக்கி, நடித்தார்.

இந்தப் பக்கம் பாலு மகேந்திராவின் நிலைமை வேறு. 2005இல் வந்த 'அது ஒரு கனாக்காலம்' படத்துக்குப் பிறகு எட்டு ஆண்டுகள் அவர் பெயரில் படம் வரவில்லை. 'சினிமா பட்டறை' என்று ஒரு பள்ளி நடத்தி, பிள்ளைகளைக் கதை படிக்கச் சொல்லிக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தார். நட்சத்திரங்கள் இல்லாத ஒரு தாத்தா பேரன் கதையை எழுபது வயது தாண்டிய ஒருவர் கொண்டுவந்தால், எந்தத் தயாரிப்பாளர் பணம் போடுவார்?

சசிகுமார் போட்டார். அந்தப் படம்தான் 'தலைமுறைகள்'. அவர் பாலு மகேந்திராவிடம் வேலை பார்த்தவர் அல்லர், அவருடைய மாணவரிடம் வேலை பார்த்தவர். அறிவுமதியின் பேச்சுக்காக ஒரு பையனைச் சேர்த்துக்கொண்டபோது, இன்னும் இரண்டு கை தாண்டிய ஒருவர் தனக்குக் கடைசிப் படம் எடுத்துத் தருவார் என்று பாலு மகேந்திரா கணக்குப் போட்டிருக்க முடியாது. யாராலும் முடியாது. என்னை உலுக்குவது அதுதான்.

அந்தப் படத்தில் பாலு மகேந்திரா தாத்தாவாகத் தானே நடித்தார். எப்போதும் தலையில் இருக்கும் அந்தத் தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு நடித்தார். மகனோடு பேச்சுவார்த்தை இல்லாத கிழவர், தமிழ் தெரியாமல் நகரத்திலிருந்து வந்த பேரனுக்குத் தமிழ் சொல்லித் தருகிறார். இசை இளையராஜா. பேரன் வளர்ந்து பெரியவனாக வரும் சிறிய வேடத்தில் நடித்திருப்பவர் சசிகுமார்.

'தலைமுறைகள்' 2013 டிசம்பரில் வெளியானது. 2014 பிப்ரவரி 13 அன்று பாலு மகேந்திரா காலமானார். அடுத்த ஏப்ரலில் தேசிய விருதுகளை அறிவித்தார்கள். தேசிய ஒருமைப்பாட்டுக்கான நர்கிஸ் தத் விருது, மட்டக்களப்பிலிருந்து வந்த அந்த மனிதரின் கடைசிப் படத்துக்குக் கிடைத்தது.