வாடகைப் பத்திரத்தில் ஐந்து வார்த்தை
(பெரிய காஞ்சிபுரத்தில் நடந்த கூட்டமைப்புக் கூட்டத்தில் பேசியது)

நம்மில் பல பேர் தறி போட ஒரு இடம், சரக்கு வைக்க ஒரு ரூம் என்று முதல் தடவையாக வாடகைப் பத்திரத்தில் கையெழுத்து போடப் போகிறோம். பத்திரம் பெரும்பாலும் இங்கிலீஷில்தான் வரும். அதில் ஐந்து வார்த்தை புரிந்தால் பாதி பத்திரம் புரிந்த மாதிரி. இதை நான் பணம் கொடுத்துக் கற்றுக்கொண்டேன். அந்தக் கதையோடு சொல்கிறேன்.

மாதம் நாலாயிரம் வாடகை, நாற்பதாயிரம் அட்வான்ஸ் என்று பேசி ஒரு வீட்டின் முன் ரூமைப் பிடித்தேன். பத்திரத்தின் தொடக்கத்திலேயே லெஸ்ஸார், லெஸ்ஸி என்று இரண்டு வார்த்தை. கேட்க ஒரே மாதிரி இருக்கும். லெஸ்ஸார் என்றால் இடத்தை விடுகிறவர், அதாவது வீட்டுக்காரர். லெஸ்ஸி என்றால் வாங்கிக்கொள்கிறவர், அதாவது நாம். ஒவ்வொரு வரியிலும் "யார் செய்யணும்?" என்று பார்ப்பதற்கு இந்த இரண்டையும் மாற்றிப் படிக்காமல் இருக்கணும். நான் லெஸ்ஸி என்று வருகிற இடத்தில் எல்லாம் பென்சிலால் "நான்" என்று எழுதிக்கொள்வேன்.

அடுத்தது ரிசைட்டல். "வேர்-ஆஸ்" என்று தொடங்கும் பத்திகள் அவை. இவர் இந்த வீட்டுக்குச் சொந்தக்காரர், இவர் பட்டு நெய்ய இடம் கேட்டார், அவர் சம்மதித்தார் என்று முன்கதை சொல்லும். என் பத்திரத்தில் "பட்டுத் தறி போடுவதற்காக" என்று அங்கே இருந்தது. அதைப் பார்த்து நிம்மதி ஆகிவிட்டேன். அங்கேதான் தப்பு.

மூன்றாவது பத்தியில் டிமைஸ் என்ற வார்த்தை வந்தது. பத்தாவது படிக்கும் என் பையன் டிக்ஷ்னரியைப் பார்த்துவிட்டு, "அம்மா, இது சாவுன்னு போட்டிருக்கு" என்றான். பயந்தே போனேன். பத்திரத்தில் அதுக்கு அந்த அர்த்தம் இல்லை. "விடுதல்" என்றுதான் அர்த்தம். நாம் வீட்டை வாடகைக்கு "விட்டாச்சு" என்கிறோமே, அதுதான். இடத்தை இவ்வளவு காலத்துக்கு நம் கையில் கொடுக்கிற வரி அது. எந்த இடம் என்பது கடைசியில் ஷெட்யூலில் இருக்கும். அங்கே "முன் ரூம்" என்று மட்டும் இருந்தால், பின்பக்கக் கிணறும் திண்ணையும் நமக்கு விடப்படவில்லை. வாயால் சொன்னது எல்லாம் ஷெட்யூலில் இருக்கிறதா என்று நேரில் நின்று பார்க்கணும்.

ஐந்தாவது கவனன்ட். இதுதான் முக்கியம். இரண்டு பேரும் ஒருத்தருக்கு ஒருத்தர் கொடுக்கும் வாக்கு அது. லெஸ்ஸி கவனன்ட் என்றால் வாடகை தேதிக்குக் கட்டுவேன், சேதம் செய்ய மாட்டேன் என்று நாம் கொடுப்பது. லெஸ்ஸார் கவனன்ட் என்றால் வாடகை ஒழுங்காகக் கட்டும் வரை உன்னைத் தொந்தரவு செய்ய மாட்டேன் என்று அவர் கொடுப்பது.

என் பத்திரத்தில் ஏழாவது கவனன்டில், லெஸ்ஸி தரையை உடைக்கவோ தோண்டவோ கூடாது என்று இருந்தது. நான் படிக்கவில்லை. குழித்தறிக்குக் காலை இறக்கி மிதிக்கக் குழி வேணுமே, தோண்டினேன். காலி பண்ணும்போது வீட்டுக்காரர் அந்த வரியைக் காட்டி, தரையைச் சரிசெய்ய என்று அட்வான்ஸில் பதினைந்தாயிரம் பிடித்துக்கொண்டார். "தறிக்குன்னுதானே எழுதியிருக்கு" என்றேன். பிறகு விசாரித்ததில் புரிந்தது: கவனன்டு தெளிவாக ஒன்றைச் சொன்னால், முன்கதையில் உள்ள வார்த்தை அதை மாற்றாது. முன்கதை, சந்தேகம் வரும் இடத்தில் விளக்கத்துக்கு உதவும். அவ்வளவுதான்.

1882-ம் வருஷத்துச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 108-வது பிரிவில், இரு தரப்புக்கும் பொதுவான உரிமை, கடமைகள் இருக்கின்றன. ஆனால் அது பத்திரத்தில் வேறு மாதிரி எழுதாத இடத்துக்குத்தான். எழுதியிருந்தால் எழுதியதுதான் பேசும். அதனால் "சட்டம் பார்த்துக்கும்" என்று விடக் கூடாது.

அந்தக் குழிக்கு நான் என்ன கேட்டிருக்கணும்? கவனன்டிலேயே ஒரு வரி: "குழித்தறிக்காக ஒரு குழி தோண்ட லெஸ்ஸார் சம்மதிக்கிறார். காலி செய்யும்போது அதை மூடித் தளம் போட்டுத் தருவது லெஸ்ஸியின் பொறுப்பு." இந்த ஒரு வரி இருந்திருந்தால், எவ்வளவு செலவாகும் என்று எனக்கு முன்னாலேயே தெரிந்திருக்கும். அட்வான்ஸும் வாதமில்லாமல் திரும்பியிருக்கும்.

அதோடு, குத்தகை ஒரு வருஷத்துக்கு மேல் என்றால் அதே சட்டத்தின் 107-வது பிரிவுப்படி பதிவு செய்தே ஆகணும். குழுவின் பெயரில் எடுக்கிறீர்கள் என்றால், லெஸ்ஸி என்ற இடத்தில் யார் பெயர் இருக்கிறதோ அவர் தலையில்தான் வாடகைப் பொறுப்பு வரும். அதையும் குழுக் கூட்டத்தில் பேசித் தீர்மானமாக எழுதிக்கொள்ளுங்கள்.

பத்திரம் கைக்கு வந்ததும் வீட்டுக்கு வாங்கிக்கொண்டு வந்து ஒரு நாள் வைத்துப் படியுங்கள். கவனன்டு பகுதியை யாரையாவது வாசிக்கச் சொல்லி, ஒவ்வொரு வரிக்கும் "இது யார் வாக்கு?" என்று கேளுங்கள். மாற்றம் வேணும் என்றால் கையெழுத்துக்கு முன்னால் கேட்பது சுலபம். நான் பின்னால் கேட்டேன்.