வங்கி கேட்பதும் நம் பிள்ளை எழுதுவதும்

(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் நிர்வாகக் குழு சார்பில் ஆற்றிய உரை)



போன மாதம் நம் உறுப்பினர் ஒருவர் தன் மகளைக் கூட்டிக்கொண்டு கூட்டமைப்பு அலுவலகத்துக்கு வந்தார். அந்தப் பெண் பி.காம். முடித்து, மூன்று வருடமாக ஒரு மைக்ரோ பைனான்ஸ் கம்பெனியில் களப்பணி செய்கிறாள். ஒரு வங்கியில் கடன் அலுவலர் வேலைக்கு விளம்பரம் வந்திருக்கிறது. "இந்த பயோடேட்டாவை அனுப்பலாமா, பாருங்கம்மா" என்று கையில் கொடுத்தார்கள். நாங்கள் பார்த்த விதத்தை உங்களுக்கும் சொன்னால், உங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு உதவும்.

முதலில் பயோடேட்டாவைக் கீழே வைத்துவிட்டு விளம்பரத்தைப் படித்தோம். பட்டப்படிப்பு, அனுபவம் தவிர அதில் மூன்று விஷயம் கேட்டிருந்தார்கள். ஒன்று, கடன் மதிப்பீடு தெரிந்திருக்க வேண்டும். இரண்டு, வங்கி விதிமுறைகளில் பயிற்சி பெற்றிருக்க வேண்டும். மூன்று, இன்சூரன்ஸ், சேமிப்புக் கணக்கு போன்றவற்றைச் சேர்த்து விற்கும் இலக்கை முடிக்க வேண்டும். நம் கணக்கு நோட்டு மாதிரி ஒரு தாளில் மூன்று கட்டம் போட்டோம். முதல் கட்டத்தில் வங்கி கேட்பது, அடுத்ததில் பயோடேட்டா சொல்வது, கடைசியில் அதற்கு என்ன ஆதாரம்.

முதல் விஷயத்துக்கு அவள் எழுதியிருந்தது, "600 பேருக்குக் கடன் வழங்கினேன், வசூல் 99 சதவீதம்" என்று. கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் கடன் கொடுத்ததும் வசூல் செய்ததும் கடனை மதிப்பிட்டதற்குச் சான்று ஆகாது. குழுவில் ஒருத்தி கடன் கேட்டால், அவளால் கட்ட முடியுமா என்று நாம பார்க்கிறோமே, அதுதான் மதிப்பீடு. அதனால், "நீ குறைத்துக் கொடுத்த ஒரு கடனைச் சொல்லு பார்ப்போம்" என்று கேட்டோம்.

அவள் உடனே சொன்னாள். மாடு வைத்திருக்கும் ஒரு அம்மா 60 ஆயிரம் கேட்டிருக்கிறார். குடும்ப வருமானம் எல்லாம் சேர்த்து மாதம் 18 ஆயிரம். ஏற்கெனவே 4 ஆயிரம் ரூபாய் தவணை ஒன்று இருப்பதாக அந்த அம்மா சொன்னார். கடன் தகவல் அறிக்கையை எடுத்துப் பார்த்தால், கணவர் பெயரில் 2,500 ரூபாய் தவணை இன்னொன்று இருந்தது. ஆக 6,500 ஆயிற்று.

2022ல் ரிசர்வ் வங்கி கொண்டு வந்த மைக்ரோ பைனான்ஸ் விதிப்படி, குடும்பத்தின் எல்லாக் கடன் தவணையும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. இங்கே பாதி என்றால் 9 ஆயிரம். 60 ஆயிரத்தை 24 சதவீத வட்டியில் 24 மாதத்தில் கட்ட, தவணை சுமார் 3,170 வரும். மொத்தம் 9,670 ஆகிவிடும். 40 ஆயிரம் என்றால் தவணை சுமார் 2,115, மொத்தம் 8,615. அதனால் 40 ஆயிரத்துக்குப் பரிந்துரை செய்திருக்கிறாள். கந்துவட்டிக்கு வாங்கியது அறிக்கையில் வராது என்பதால், அதைப் பக்கத்து வீட்டில் விசாரித்தும் பார்த்திருக்கிறாள்.

"ஏம்மா, இவ்வளவு தெரிஞ்சும் இதில் ஒரு வரி கூட பயோடேட்டாவில் இல்லையே?" என்று கேட்டோம். "இதெல்லாம் தினம் செய்யறதுதானேக்கா" என்றாள். தினம் செய்யறதைத்தான் வங்கி கேட்கிறது.

இரண்டாவதாக, "கே.ஒய்.சி. சான்றிதழ் பெற்றவர்" என்று இருந்தது. சான்றிதழைக் காட்டச் சொன்னோம். இல்லை. வேலையில் சேர்ந்தபோது கம்பெனி நடத்திய மூன்று நாள் பயிற்சி மட்டும்தான். பயிற்சியில் உட்கார்ந்தது வேறு, பரீட்சை எழுதித் தேறியது வேறு. மும்பையில் உள்ள இந்திய வங்கியியல் மற்றும் நிதி நிறுவனம் கே.ஒய்.சி. பற்றித் தனிப் பரீட்சை நடத்துகிறது. அதை எழுதாமல் அப்படிப் போட்டால், நேர்காணலில் "எண்ணைச் சொல்லுங்க" என்ற ஒரே கேள்வியில் மாட்டிக்கொள்வாள். வங்கி சார்பில் இன்சூரன்ஸ் விற்கவும் தனிப் பயிற்சியும் பரீட்சையும் உண்டு. அதுவும் அவள் எழுதவில்லை. "கம்பெனிப் பயிற்சி, மூன்று நாள்" என்று வருடத்தோடு எழுதி, பரீட்சை எழுதத் தயார் என்று சேர்க்கச் சொன்னோம்.

மூன்றாவது வரியில்தான் எங்களுக்குள்ளே ஒரு சலசலப்பு. "இன்சூரன்ஸ் இலக்கு 100 சதவீதம்" என்று எழுதியிருந்தாள். "கடன் வாங்கின எல்லோரும் போட்டாங்களா?" என்று கேட்டோம். "ஆமாக்கா, கடன் தொகையிலேயே பிடிச்சிருவோம்" என்றாள். எங்களில் இரண்டு பேர் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். கையில் வந்த கடன் ஏன் குறைந்தது என்று தெரியாமல் வீடு வந்த அனுபவம் நமக்கும் இருக்கிறதே.

சகோதரிகளே, இங்கே கவனியுங்க. கடன் அல்லாத எதையும் கடன்காரரின் முழுச் சம்மதத்தோடுதான் கொடுக்க வேண்டும், அதன் கட்டணத்தைக் கடன் அட்டையிலேயே தெரிவிக்க வேண்டும் என்று அதே 2022 விதி சொல்கிறது. 100க்கு 100 பேர் இன்சூரன்ஸ் எடுத்தார்கள் என்றால், விவரம் தெரிந்த அதிகாரிக்கு முதலில் வரும் சந்தேகம், "சம்மதம் கேட்டார்களா?" என்பதுதான். விற்பனை வரியில் பெருமையாகத் தெரிவது, விதிமுறை வரியை அடித்துவிடும்.

"பிடித்தம் செய்ததை விடு. நீ எடுத்துச் சொல்லி, அவங்களாக விரும்பிச் சேர்ந்தது எத்தனை?" என்று கேட்டோம். அவள் கம்பெனி ஒரு வங்கிக்கு முகவராகவும் இருக்கிறது. அந்த வங்கி மூலம் 90 பேரைப் பிரதமரின் ஜீவன் ஜோதி காப்பீட்டில் சேர்த்திருக்கிறாள். வருடம் 436 ரூபாய், உயிர் போனால் குடும்பத்துக்கு 2 லட்சம். அடுத்த வருடமும் 64 பேர் தொடர்ந்தார்கள். மற்றவர்களில் பலருக்கு மே மாதக் கடைசியில் பணம் பிடிக்கும்போது கணக்கில் 436 ரூபாய் இல்லை.

90ம் 64ம் 100 சதவீதத்தை விடச் சின்னதாகத் தெரியும். ஆனால் மறுவருடமும் தொடர்ந்தார்கள் என்றால் புரிந்து சேர்ந்திருக்கிறார்கள் என்று பொருள். அதையே எழுதச் சொன்னோம். மொத்த எண்ணிக்கை மட்டும் போதும், வாடிக்கையாளர் பெயரையும் போன் நம்பரையும் எடுத்துப் போகக் கூடாது என்றும் சொன்னோம். அது பழைய கம்பெனியின் ரகசியம், அந்த உறுப்பினர்களின் ரகசியமும் கூட.

கடைசியில் எங்கள் கணிப்பு இதுதான். கடன் மதிப்பீட்டில் அவள் விளம்பரத்துக்கு நல்ல பொருத்தம். விதிமுறைப் பயிற்சியில் பாதிதான் இருக்கிறது, மீதி பரீட்சை எழுதினால் சரியாகும். விற்பனையில் கொஞ்சம்தான், ஆனால் சுத்தமானது.

அம்மாவுக்கு மட்டும் ஒரு கவலை. "இலக்கு முடிக்கலேன்னா வேலையை விட்டு எடுத்துடுவாங்களோ?" என்றார். விளம்பரத்தில் எண் எதுவும் இல்லை. நேர்காணலில் அவளே கேட்கட்டும் என்றோம். மாதம் எத்தனை, எதை விற்க வேண்டும், குறைந்தால் சம்பளத்தில் கை வைப்பார்களா, வேலைக்கே ஆபத்தா? இதைத் தெரிந்துகொள்ளாமல் சேர்ந்தால், நாளைக்கு அவளும் நம் மாதிரி ஒரு அம்மாவின் கடனில் கேட்காமல் பிடிக்க வேண்டிய நிலை வரும்.

100 சதவீதம் என்ற வரியை அடித்துவிட்டு, 40 ஆயிரம் கடன் கதையை இரண்டு வரியாகச் சேர்த்து, போன வாரம் அனுப்பிவிட்டாள். உங்கள் பிள்ளைகளும் பயோடேட்டாவை அலுவலகத்துக்குக் கொண்டு வரலாம். விளம்பரத்தையும் கூடவே கொண்டு வரச் சொல்லுங்க. அது இல்லாமல் எங்களால் ஒன்றும் சொல்ல முடியாது.