விருந்தினரை மேடைக்கு அழைக்கும் இரண்டு நிமிடங்கள்

(நூற்றாண்டு விழா வரவேற்புக் குழுவினரின் ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



விழாவுக்கு வரும் விருந்தினர்களை அறிமுகம் செய்யும் பொறுப்பு எங்கள் கையில் இருக்கிறது. அவர்கள் அனுப்பும் சுயவிபரக்கோவையை அப்படியே வாசிக்கும் வழக்கம் எங்கள் மேடைகளில் பழகிப்போன ஒன்று. மூன்றாவது பட்டம் வரும்போது பின்வரிசைப் பிள்ளைகள் கதைக்கத் தொடங்கிவிடுவார்கள். பேச வந்தவர் எழும்பும்போது மண்டபம் ஏற்கெனவே களைத்திருக்கும்.

வைத்தியசாலையில் நாங்கள் இதைத் தினமும் பார்க்கிறோம். விடுதியைச் சுற்றி வரும்போது ஓர் இளம் வைத்தியர் நோயாளியின் சீட்டைப் பார்த்து வாசிப்பார். எல்லாம் சரியாக இருக்கும், ஒன்றும் மனதில் நிற்காது. இன்னொருவர் சீட்டை மூடிவிட்டு, "இந்த அம்மா நேற்று இரவு மூச்சு எடுக்கக் கஷ்டப்பட்டு வந்தவா" என்று தொடங்குவார். உடனே எல்லோரும் கட்டில் பக்கம் திரும்புவார்கள்.

ஓர் உதாரணத்தை எடுப்போம். வைத்தியர் மேரி ரட்ணம் 1962இல் காலமானவர். இன்று எங்கள் விருந்தினராக வந்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். தாளில் இப்படி இருக்கும்: "1873இல் கனடாவில் பிறந்தார். மருத்துவம் கற்று 1896இல் இலங்கை வந்தார். கொழும்பில் பணியாற்றினார். 1930இல் லங்கா மகிளா சமிதியைத் தொடங்கினார். 1937இல் கொழும்பு மாநகரசபைக்குத் தெரிவான முதற் பெண் உறுப்பினரானார். 1958இல் மக்சேசே விருது பெற்றார்."

ஒரு பிழையும் இல்லை. ஆனால் "இலங்கை வந்தார்" என்பதற்கும் "கொழும்பில் பணியாற்றினார்" என்பதற்கும் இடையில் ஒரு பெரிய விடயம் விடுபட்டிருக்கிறது. அவர் வந்தது கொழும்புக்கு அல்ல. இணுவிலில் அமெரிக்க மிஷன் வைத்தியசாலையில் வேலை செய்யத்தான். இலங்கைத் தமிழர் ஒருவரை அவர் மணந்ததை இங்கிருந்த மிஷனரிமார் ஏற்கவில்லை. அதனால்தான் கொழும்பு.

அறிமுகத்தை அந்த இடைவெளியிலிருந்து தொடங்க வேண்டும். ஏனெனில் அதுதான் அவரை இந்த மண்டபத்தோடு தொடுக்கிறது. தாளை வைத்துவிட்டு, வாயால் சொல்லிப் பார்ப்போம்:

"இணுவில் எங்களுக்குத் தூரமில்லை. 1896இல் கனடாவிலிருந்து ஒரு இளம் பெண் வைத்தியர் அங்கே வேலைக்கு வந்தவா. எங்கட தமிழர் ஒருவரைத்தான் கலியாணம் செய்தவா. மிஷன்காரருக்கு அது பிடிக்கேல்லை. யாழ்ப்பாணத்துக்கென்று வந்தவா யாழ்ப்பாணத்துக்குக் கிடைக்கேல்லை. அவா ஊருக்குத் திரும்பிப் போயிருக்கலாம், போகேல்லை. கொழும்பில் பெண்களுக்கு வைத்தியம் பார்த்தா. கிராமத்துப் பெண்களைச் சேர்த்து மகிளா சமிதியைத் தொடங்கினா. மாநகரசபைக்குள்ளும் போனா. இன்றைக்கு எங்களிட்டை வந்திருக்கிறா: டொக்டர் மேரி ரட்ணம்."

ஆண்டு ஒன்றுதான் மிஞ்சியது. விருதுகூட இல்லை, அது நிகழ்ச்சி நிரலில் அச்சாகியிருக்கும், வேண்டியவர்கள் வாசிக்கலாம். பெயர் கடைசியில் வருகிறது, ஏனென்றால் பெயரைக் கேட்டதும்தான் சபை கைதட்டும். முதலிலேயே சொன்னால் கைதட்டல் முடிந்த பிறகும் நாங்கள் பேசிக்கொண்டு நிற்போம்.

ஆனால் இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. இணுவில் கதை அவருடைய காயம். உயிரோடு முன்வரிசையில் இருப்பவரின் காயத்தை, அவரைக் கேளாமல் மேடையில் திறக்க எங்களுக்கு உரிமை இல்லை. நோயாளியின் கதையை அவர் சம்மதமின்றி நாங்கள் வெளியில் சொல்வதில்லை அல்லவா? எங்கள் விருந்தினர்களில் பலர் போர்க்காலத்தில் இங்கிருந்து போனவர்கள். "இடம்பெயர்ந்து சென்று" என்று தாளில் ஒரு சொல்லில் முடிந்திருப்பது எதுவாகவும் இருக்கலாம்.

ஆகவே ஒரு கிழமைக்கு முன்பே தொலைபேசியில் பேசுங்கள். பெயரை எப்படி உச்சரிப்பது, எதைச் சொல்லலாம், எதைத் தவிர்க்க வேண்டும், அன்றைக்கு எதைப் பற்றிப் பேசப்போகிறார் என்று கேளுங்கள். கடைசிக் கேள்வி முக்கியம். இணுவிலைப் பற்றி அவரே பேச இருந்தால் அதை நாங்கள் முந்திச் சொல்லக் கூடாது. மகிளா சமிதியிலிருந்து தொடங்க வேண்டும். சொல்ல வேண்டாம் என்றாலும் அப்படியே.

"அறிமுகம் தேவையில்லாதவர்" என்ற வசனத்தைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். எங்கள் எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு எல்லோருமே அறிமுகம் தேவையானவர்கள்தான்.

எழுதியதை வீட்டில் யாருக்காவது சத்தமாகச் சொல்லிக் காட்டுங்கள். மூச்சு முட்டும் இடத்தில் வசனத்தை இரண்டாக்குங்கள். மேடைக்குப் போகும்போது கையில் ஒரு சிறு அட்டை போதும்: முதல் வசனம், ஆண்டு, பெயர். பெயரைச் சொன்னதும் ஒலிவாங்கியை விட்டு விலகி நில்லுங்கள்.