ஷெரீப்பின் கணக்கு
(நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



சென்ற கூட்டத்தில் அன்பர் ஒருவர், "பலருக்கு நன்மை தருவதே நற்செயல் என்று மேனாட்டார் கூறுகின்றனரே, அதில் என்ன தவறு?" என்று வினவினார். அன்று மணி ஒன்பதைக் கடந்துவிட்டமையின் விடை கூறாது கலைந்தோம். அவ்வினாவையே இன்று எடுத்துக்கொள்கிறோம்.

இக்கொள்கையைப் பயன்வாதம் என்று தமிழில் வழங்குவோம். இங்கிலாந்தில் ஜெரமி பெந்தம் 1789-இல் வெளியிட்ட நூலில் இதற்கு ஒரு கணக்கு முறையே வகுத்தார். ஒரு செயலால் விளையும் இன்பமும் துன்பமும் எவ்வளவு கடுமையானவை, எத்துணைக் காலம் நிற்பவை, எவ்வளவு உறுதியாக வருபவை, எத்தனை பேரைச் சேர்பவை என்றெல்லாம் பார்த்துக் கூட்டிக் கழிக்க வேண்டும் என்பது அவர் கருத்து. இக்கணக்கில் அரசன் என்றும் ஆண்டி என்றும் வேறுபாடு இல்லை. ஒருவர் ஒருவராகவே எண்ணப்படுவர். அக்காலத்து இங்கிலாந்தில் இது எத்துணைத் துணிவான சொல் என்பதை மறக்கலாகாது.

பிற்காலத்தில் இக்கொள்கை இரண்டாகப் பிரிந்தது. ஒவ்வொரு செயலையும் தனித்தனியே எடுத்து, அதன் விளைவைக் கணக்கிட்டே அது சரியா தவறா என்று முடிவு கட்ட வேண்டும் என்பது செயற்பயன்வாதம். ஒரு விதியை எல்லோரும் கைக்கொண்டால் நன்மை விளையுமா என்று பார்த்து, பின் அவ்விதியின்படி நடக்க வேண்டும் என்பது விதிப்பயன்வாதம். ஆஸ்திரேலியாவில் அடிலெய்டு நகரில் பேராசிரியராக இருந்த ஜே. ஜே. சி. ஸ்மார்ட் 1956-இல் எழுதிய கட்டுரையில் முதற்பிரிவையே ஆதரித்தார். பொய் சொல்லாதே, வாக்குத் தவறாதே என்பன போன்ற விதிகள் காலம் போதாதபோது கைகொடுக்கும் சுருக்கு வழிகளே என்பது அவர் கொள்கை. விதியை மீறுவதால் நன்மை மிகும் என்று தெளிவாகத் தெரிந்த பின்னரும் விதியைக் கட்டிக்கொண்டு அழுவது அவருக்கு ஒருவகை மூட வழிபாடாகவே தோன்றியது.

அடுத்த ஆண்டே, 1957-இல், மற்றோர் ஆஸ்திரேலிய அறிஞர் எச். ஜே. மக்லாஸ்கி ஒரு நிகழ்ச்சியைக் கற்பித்துக் காட்டினார். களம் அமெரிக்காவின் தென்பகுதி. கறுப்பினத்தவரை விசாரணையின்றிக் கும்பல்கள் தூக்கிலிட்டுக் கொன்ற நாடு அது. ஆகலின் கற்பனையே ஆயினும் காற்றிற் கட்டிய கற்பனை அன்று. ஓர் ஊரில் ஒரு பெண்ணிடம் வன்முறை நிகழ்ந்துவிட்டது. செய்தவன் கறுப்பினத்தவன் என்று ஊரார் நம்பிக் கொதிக்கின்றனர். கலகம் மூண்டால் கறுப்பினத்தார் பலர் மடிவர். ஊரின் காவல் அதிகாரியாகிய ஷெரீப்பின் முன் இரண்டு வழிகள் உள்ளன. குற்றமற்ற கறுப்பினத்தான் ஒருவன் மீது பொய்ச்சாட்சி புனைந்து தண்டனை வாங்கித் தந்தால் கலகம் அடங்கும். மறுத்தால் கலகம் மூளும்.

இப்பொழுது கணக்கைப் போட்டுப் பார்ப்போம். எண்கள் நாமே விளக்கத்திற்காக இட்டவை.

மறுத்தால் கலகம் மூள்வதற்கு 10-க்கு 8 வாய்ப்பு. மூண்டால் ஐவர் இறப்பர். ஐந்தை 8-ஆல் பெருக்கிப் பத்தால் வகுத்தால் எதிர்பார்க்கும் இழப்பு 4 உயிர். பொய்வழக்கைப் புனைந்தாலோ தூக்கிலேறுபவன் ஒருவன், அது 1. என்றேனும் உண்மை வெளிப்படலாம். வெளிப்பட்டால் மீண்டும் கலகம், நீதிமன்றத்தின் மீது நம்பிக்கை அழிதல், மக்கள் அச்சத்தில் வாழ்தல் எனப் பல கேடுகள். அவையெல்லாம் சேர்ந்து 20 உயிரிழப்புக்கு ஒப்பாகும் என்று தாராளமாகவே வைப்போம். வெளிப்பட 10-க்கு 1 வாய்ப்பு எனின், அதன் பங்கு 2. ஆக மொத்தம் 3. நான்கினும் மூன்று குறைவு. செயற்பயன்வாதத்தின்படி பொய்வழக்கே சரியான செயல். செய்யலாம் என்பதோடு நில்லாது, செய்தே ஆகவேண்டும் என்றாகிறது.

நம்மில் கோவலன் கதை நினைவுக்கு வராதவர் இரார். ஆயினும் இரண்டும் ஒன்றல்ல. பாண்டியன் ஆராயாது பிழைத்தான். உண்மை அறிந்ததும் உயிர்விட்டான். ஷெரீப்போ அவன் குற்றமற்றவன் என்று நன்கு அறிந்தே செய்கிறான். அவன் நூலைப் பொறுத்தவரை பிழையே இல்லை.

இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. கணக்கு அந்த ஏழையை மறந்துவிடவில்லை. அவன் துயரமும் மற்றவர் துயரத்திற்கு ஈடாகவே எண்ணப்பட்டது. எண்ணப்படாதது அவன் குற்றமற்றவன் என்னும் செய்தி ஒன்றே. அஃது ஏன் எண்ணப்படவில்லை? ஒருவன் குற்றம் செய்தானா இல்லையா என்பது கடந்த காலத்துச் செய்தி. செயற்பயன்வாதக் கணக்கோ இனி விளைவதை மட்டும் நோக்குவது. கடந்தது எதுவும் எதிர்கால விளைவு வழியாகவே அதனுள் நுழைய முடியும். குற்றமின்மை பிறருக்குத் தெரிய வந்தால் விளைவு உண்டு. தெரியாவிட்டால் விளைவு இல்லை. ஏட்டில் அதற்கு வரியும் இல்லை.

பயன்வாதிகள் உடனே ஒரு விடை கூறுவர்: "நடைமுறையில் இத்தகைய மறைவு நிலைக்காது; உண்மை வெளிவந்தே தீரும்; ஆகவே பொய்வழக்கு என்றும் நட்டமே." இது வலுவான விடைதான். உண்மை வெளிப்பட ஐந்தில் ஒரு வாய்ப்பு என்று மாற்றிப் பாருங்கள். 20-இல் ஐந்தில் ஒரு பங்கு 4. தூக்கிலேறுபவனையும் சேர்த்தால் 5. நான்கினும் ஐந்து மிகுதி. ஷெரீப் மறுக்க வேண்டும் என்று அதே கணக்கு கூறிவிடுகிறது. நூற்றுக்கு 15 வாய்ப்பு எனின் இரு தட்டும் சமம். ஆனால் விளைந்தது என்ன என்று நோக்குங்கள். ஒரு மனிதனைக் கொல்லலாமா என்பதற்கு விடை, ஷெரீப் பொய்யை எவ்வளவு திறமையாக மறைக்க வல்லவன் என்பதைப் பொறுத்ததாகிவிட்டது! கைதேர்ந்த பொய்யனுக்குக் கடமையாவது, தட்டுத்தடுமாறும் பொய்யனுக்குக் குற்றமாகிறது. ஷெரீப் இறுதியில் மறுத்தால் மட்டும் போதாது, அவன் மறுக்கும் காரணமும் சரியாக இருக்க வேண்டும் என்று எமக்குப் படுகிறது.

விதிப்பயன்வாதிகள் வேறு வழி பார்த்தனர். குற்றமற்றவரைத் தண்டிக்க அதிகாரிகளுக்கு இடம் தரும் ஓர் ஏற்பாட்டை நாட்டில் அமைத்தால் என்ன ஆகும் என்று ஜான் ரால்ஸ் 1955-இல் வினவினார். யார் மீது எப்பொழுது அது பாயும் என்று அறியாது எல்லோரும் நடுங்க நேரும். தண்டிக்கப்பட்டவனைக் கண்டு இரங்குவதா வெறுப்பதா என்றே ஊரார் அறியார். ஆதலின் அவ்வேற்பாடு பயனளவிலேயே தோற்கும். இஃது அழகிய விடை. ஆனால் ஸ்மார்ட் விடவில்லை. விதியை வைத்தது நன்மைக்காக. இந்த ஒரு முறை, எவரும் அறியாமல், அவ்விதியே தீமையைப் பெருக்குமாயின் எதன் பொருட்டு அதைக் காப்பது என்று அவர் கேட்பார். இந்த இடத்தில் விதிப்பயன்வாதிக்கு உறுதியான விடை கூறுவது எளிதன்று.

ஸ்மார்ட்டின் நேர்மையைச் சொல்லாது விடுவது முறையன்று. வேறு பலர் போல நழுவிச் செல்ல அவர் விரும்பவில்லை. கணக்கு அவ்வாறு வருமாயின் அம்முடிவை ஏற்கத்தான் வேண்டும் என்று ஒப்புக்கொண்டார். இக்காலப் பயன்வாதிகளுள் ஸ்மார்ட் ஒருவரே இம்முடிவை மகிழ்ந்து ஏற்பவர் என்று மக்லாஸ்கி எழுதினார். பெர்னார்ட் வில்லியம்ஸுடன் சேர்ந்து 1973-இல் வெளியிட்ட நூலில் ஸ்மார்ட் அதற்கு மறுமொழி தந்தார்: தமக்கு அதில் மகிழ்ச்சி சிறிதும் இல்லை என்றார். பொய்வழக்கும் துன்பமே, கலகமும் துன்பமே. அத்தகைய நிலையில் பெருந்துன்பத்தைத் தவிர்க்கச் சிறுதுன்பத்தை ஏற்பதன்றி வேறு வழி காணேன் என்பதே அவர் நிலை.

அதே நூலின் பிற்பகுதியில் வில்லியம்ஸ் அவரை மறுத்து எழுதியுள்ளார். கலகத்தில் ஐவரைக் கொல்வோர் கலகக்காரர். பொய்ச்சாட்சி புனைபவனோ ஷெரீப். பிறர் செய்வதைத் தடுக்கத் தவறுவதும், தானே செய்வதும் ஒரே எடை உடையனவா என்பதே வில்லியம்ஸின் வினாவுக்கு அடிப்படை. செயற்பயன்வாதம் ஆம் என்கிறது. நம் அன்பர் என்ன கூறுகிறார் என்று அறிய ஆவலாயுள்ளோம். அவருக்குத் தேநீர் வேளையில் நேரம் ஒதுக்கித் தரும்படி தலைவரை வேண்டுகிறோம்.